கல்யாண அறையில் ஒரே மேக்கப் பெட்டி: எது கைமாறலாம், எது கூடாது

முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் மூன்றரைக்கே மண்டபத்து அறையில் விளக்கு எரியும். மணப்பெண், அவள் தங்கை, அண்ணி, ஊரிலிருந்து வந்த சித்தி, எட்டு வயது வாண்டு ஒன்று. இத்தனை பேருக்கும் கண்ணாடி ஒன்று, பெட்டியும் ஒன்று. "அந்த மையைக் கொஞ்சம் குடேன்" என்று யாராவது கேட்பார்கள். யாரும் மறுக்க மாட்டார்கள், மறுத்தால் மனத்தாங்கல்.

இதே வீட்டின் அடுப்படியில் கதை வேறு. ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போட்டால் பாட்டி விடமாட்டாள். தின்ற கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் திரும்ப விட்டால் எச்சில் என்று அதட்டுவாள். இந்த இரண்டும் இரண்டு தனித்தனி ஆபத்துகளுக்கான விதிகள். ஈரம் சேர்ந்தால் ஜாடிக்குள்ளேயே பூசணம் வளரும். எச்சில் பட்டால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் போகும், அதற்கு ஜாடிக்குள் எதுவும் வளர வேண்டியதில்லை. மேக்கப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் இந்த இரண்டு கேள்விகளால் பிரித்துவிடலாம். உள்ளே தண்ணீர் இருக்கிறதா? முகத்தைத் தொட்டது திரும்ப உள்ளே போகிறதா?

இரண்டுக்கும் "ஆம்" என்று வரும் பொருள் மஸ்காரா. பெரும்பாலான மஸ்காராக்கள் தண்ணீரும் மெழுகும் நிறமும் கலந்தவை. குழாய் இருட்டாக, ஈரமாக, இறுக மூடியபடி இருக்கும். இமை முடியைத் தடவிய பிரஷ் ஒவ்வொரு முறையும் அதற்குள்தான் திரும்புகிறது. உள்ளே கிருமிக்கொல்லிப் பதப்பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது நொடியில் வேலை செய்வதில்லை. பதப்பொருள் போதுமா என்று ஆய்வகத்தில் சோதிக்கும்போது கிருமி எவ்வளவு குறைந்தது என்பதை நாள்கணக்கில்தான் அளக்கிறார்கள். ஒரே ஆள் தினம் ஒரு முறை போடும்போது இமையிலிருந்து போகும் சில கிருமிகளைச் சமாளிக்க அதற்கு அவகாசம் கிடைக்கிறது. கால் மணி நேரத்தில் ஐந்து பேர் மாற்றி மாற்றிப் போட்டால் அந்த அவகாசம் இல்லை. முதல் ஆளின் இமையில் இருந்தது நான்காவது ஆளின் கண்ணுக்கு அப்படியே போய்ச் சேரும். பிரஷை உள்ளே விட்டு விட்டு இழுத்து "பம்ப்" செய்யும் பழக்கம் இன்னும் கெடுதல். காற்று உள்ளே போய் மஸ்காரா சீக்கிரம் காயும். காய்ந்ததும் யாராவது இரண்டு சொட்டு ரோஸ் வாட்டர் விடுவார்கள். அதுதான் ஊறுகாயில் ஈரக் கரண்டி. தண்ணீர் கூடுகிறது, பதப்பொருளின் செறிவு குறைகிறது, கூடவே புதுக் கிருமியும் உள்ளே போகிறது.

பயப்பட வேண்டிய கிருமி சூடோமோனாஸ். கெட்டுப்போன மஸ்காராவிலிருந்து இது கருவிழிக்குப் போய்ப் புண் உண்டாக்கிய நிகழ்வுகள் 1970களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது, கீறல் இல்லாத கருவிழிக்குள் இந்தக் கிருமி எளிதில் நுழையாது என்பது. அவசரத்தில் பிரஷின் நுனி கண்ணில் குத்தினால் கீறல் விழுகிறது, அதே பிரஷ் கிருமியையும் அங்கே வைத்துவிடுகிறது. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்குக் கருவிழியில் நுண்ணிய கீறல்கள் ஏற்கெனவே இருக்கக்கூடும். அவர்கள் யாருடைய மஸ்காராவையும் தொடாமல் இருப்பதே சரி. தனியாக ஒருவரே பயன்படுத்தினாலும் திறந்து மூன்று மாதம் ஆனால் மஸ்காராவைத் தூக்கிப் போடச் சொல்வதற்குக் காரணமும் இந்தக் குழாயின் ஈரம்தான்.

மஸ்காராவைப் பலருக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் வழி ஒன்றுதான். தூக்கியெறியும் சிறு பிரஷ்கள் ஃபேன்சி ஸ்டோரில் 50 கொண்ட கட்டாகக் கிடைக்கும். அதில் ஒன்றைக் குழாய்க்குள் ஒரு முறை மட்டும் விட்டு எடுத்து, ஒரு கண்ணுக்குப் போட்டுக் குப்பையில் போட வேண்டும். இரண்டாவது பூச்சுக்கும், அடுத்த கண்ணுக்கும் புதுப் பிரஷ். ஆளுக்கு நான்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். குழாயோடு வந்த பிரஷை அன்று யாருமே தொடக் கூடாது. ஏற்கெனவே ஒருவர் வாரக்கணக்கில் பயன்படுத்திய குழாய் என்றால் இந்த முறையும் பயனில்லை, புதுக் குழாய் திறந்தால்தான் பொருள் உண்டு.

கண்மை வேறு கணக்கு. விளக்கெண்ணெயில் குழைத்த வீட்டு மையானாலும், கடையில் வாங்கிய திருகு காஜலானாலும் எண்ணெயும் மெழுகும்தான், தண்ணீர் இல்லை. அதனால் அதற்குள் கிருமி பெருகுவது அரிது. இதை வைத்து "மை கெடாது, யாரும் போடலாம்" என்று சொல்வார்கள். முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு. மையை நாம் இமையின் உள்விளிம்பில், கண்ணீர் படும் ஈரமான இடத்தில் இழுக்கிறோம். இமையின் எண்ணெய்ச் சுரப்பிகள் திறப்பதும் அந்த விளிம்பில்தான். அங்கே தொட்ட முனை கண்ணீரையும் கிருமியையும் ஒட்டிக்கொண்டு அடுத்தவர் கண்ணுக்குப் போகிறது. கிருமி பெருகத் தேவையில்லை, பயணித்தால் போதும். மை டப்பாவில் விரலை விட்டுக் குழந்தைக்கும் தனக்கும் மாறி மாறி இடுவதும் இதே கதைதான்.

சென்னையின் பெயரையே சுமக்கும் மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. இந்த வைரஸ் காய்ந்த பிளாஸ்டிக்கின் மேல்கூட வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். இதைவிட முக்கியமான விஷயம், இதற்குக் கொழுப்புறை கிடையாது. ஸ்பிரிட் பல வைரஸ்களைக் கொல்வது அந்தக் கொழுப்புறையைக் கரைத்துத்தான். உறை இல்லாத அடினோ வைரஸின் மேல், நாம் வழக்கமாக வாங்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நம்ப முடியாது. ஆகவே "காஜல் முனையை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டேன், இனிப் போடலாம்" என்பது மற்ற கிருமிகளுக்குப் பாதிப் பாதுகாப்பு, மெட்ராஸ் ஐக்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. அது சுற்றிக்கொண்டிருக்கும் நாட்களில் கல்யாணம் வந்தால் இதை நினைவில் வையுங்கள். கண் சிவந்து ஒரு வாரமே ஆனவர், "சரியாகிவிட்டது" என்று சொன்னாலும், இன்னும் பரப்பக்கூடியவராக இருக்கலாம்.

சீவும் பென்சில் ஐலைனரைப் பற்றி மட்டும் கொஞ்சம் தளர்த்திச் சொல்லலாம். முனையை ஸ்பிரிட்டில் நனைத்து, சீவி, சீவியதை மறுபடி ஸ்பிரிட்டில் துடைத்து, முழுதும் உலரவிட்டு, மேல் இமையின் வெளிப்பக்கத்தில் மட்டும் கோடு இழுத்தால் ஆபத்து குறைவு. சீவும் கருவியையும் துடைக்க வேண்டும். அறையில் யாருக்கும் கண் சிவப்போ பீளையோ இருக்கக் கூடாது. உள்விளிம்பில் இடும் மை மட்டும் ஆளுக்கு ஒன்று. ஒரு முழம் மல்லிகைக்குக் கொடுக்கும் காசுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன்.

அடுத்தது உதடு. லிப்ஸ்டிக்கும் மெழுகும் எண்ணெயும்தான், உள்ளே எதுவும் வளராது. ஆனால் எச்சில் விதி இங்கே நேரடியாகவே பொருந்துகிறது. தம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிற வீட்டில் லிப்ஸ்டிக் மட்டும் உதட்டுக்கு உதடு மாறுவது விந்தைதான். இங்கே முக்கியமான கிருமி ஹெர்பிஸ் வைரஸின் முதல் வகை. உதட்டோரத்தில் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து, எரிந்து, பொருக்குத் தட்டி, பத்து நாளில் ஆறும். "உடம்புச் சூடு" என்று விட்டுவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறது. கொப்புளம் இல்லாத நாளிலும் எச்சிலில் அது அவ்வப்போது வெளியாகும். அதனால் "அவளுக்குப் புண் ஒன்றுமில்லையே" என்று பார்த்துச் சொல்வது போதாது. ஒரு முறை உடம்பில் புகுந்தால் பிறகு போகவே போகாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் லிப்ஸ்டிக்கை நேரடியாகத் தீட்டி விளையாடும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

நல்ல செய்தி, இந்த வைரஸுக்குக் கொழுப்புறை உண்டு, ஸ்பிரிட்டுக்கு அடங்கும். ஆகவே ஒரே நிற லிப்ஸ்டிக்கை ஐந்து பேர் பூசிக்கொள்ள வழி இருக்கிறது. குச்சியின் முனையை 70 சதவீத ஸ்பிரிட்டில் அரை நிமிடம் வைத்து, டிஷ்யூவால் மேல் அடுக்கு வழிந்து வரும்படி அழுத்தித் துடைக்கவும். பிறகு துடைத்த சின்னக் கரண்டிக் காம்பாலோ ஸ்பேட்டுலாவாலோ துவரம்பருப்பு அளவு சுரண்டி ஒரு எவர்சில்வர் தட்டில் வைக்கவும். ஒருவருக்கு அது தாராளம். தட்டிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சியால் உதட்டுக்குப் போடலாம், குச்சி ஆளுக்கு ஒன்று. லிப் கிளாஸும் திரவ லிப்ஸ்டிக்கும் இதில் சேராது. அவற்றின் பஞ்சு முனை உதட்டிலிருந்து நேராகக் குழாய்க்குள் போகிறது, குழாயின் உள்ளே யாராலும் துடைக்க முடியாது. கொப்புளம் வந்தபோது பூசிய லிப்ஸ்டிக்கைச் சுரண்டிக் காப்பாற்றப் பார்க்காமல் எறிந்துவிடுவதே நல்லது.

ஸ்பிரிட் பற்றி ஒரு வார்த்தை. 99 சதவீதம்தான் வீரியம் என்று தேடி வாங்குகிறார்கள். அது சட்டென்று ஆவியாகிவிடும், கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். 70 சதவீதமே நன்றாக வேலை செய்கிறது. கையில் 99 இருந்தால் 70 மில்லிக்கு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 30 மில்லி சேர்த்துக்கொள்ளுங்கள். கல்யாண அறையில் குத்துவிளக்கும் ஊதுவத்தியும் இருக்கும், ஸ்பிரிட் குப்பென்று பற்றும். விளக்கு இல்லாத மூலையில் வைத்துத் துடையுங்கள்.

முகத்துக்கு வந்தால் ஆபத்து ஒரு படி குறைகிறது. கன்னத்துத் தோல் கண்ணைப்போல் திறந்த இடமல்ல. பம்ப் வைத்த ஃபவுண்டேஷன், டியூபில் வரும் சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர் ஆகியவற்றைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். வெளியே வந்தது திரும்ப உள்ளே போவதில்லை என்பதுதான் காரணம். டியூபின் வாய் முகத்தில் படாமல் கையிலோ தட்டிலோ பிதுக்கினால் போதும். அதே கிரீம் அகன்ற வாய் டப்பாவில் இருந்தால் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு விரலும் ஈரக் கரண்டி. சுத்தமான சின்னக் கரண்டியால் பட்டாணி அளவு எடுத்து வைத்து, உடனே மூடிவிடுங்கள். தட்டில் மீந்ததை ஒருபோதும் டப்பாவுக்குள் வழித்துப் போடாதீர்கள். "வீணாகிறதே" என்று அம்மாக்கள் செய்வது இதைத்தான்.

பெட்டியிலேயே மோசமானது எது என்று கேட்டால், குப்பியையும் டப்பாவையும் விட்டுவிட்டு ஸ்பாஞ்சைத்தான் காட்டுவேன். இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், பயன்பாட்டில் இருந்த லிப்ஸ்டிக், மஸ்காரா, ஐலைனர், லிப் கிளாஸ், ஸ்பாஞ்ச் ஆகியவற்றைச் சேகரித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் கிருமி இருந்தது, ஸ்பாஞ்சில்தான் மிக அதிகம். அந்த ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒரு முறைகூடக் கழுவப்படாதவை, 64 சதவீதம் தரையில் விழுந்தும் பயன்பாட்டில் தொடர்ந்தவை. முட்டை வடிவ ஸ்பாஞ்சை நனைத்துத்தான் பயன்படுத்துகிறோம், அது எண்ணெயையும் இறந்த செல்லையும் உறிஞ்சி நடுவில் ஈரமாகவே வைத்துக்கொள்கிறது. சோப்புப் போட்டுப் பிசைந்தால் வெளிப்பக்கம் வெளுக்கும், நடுப்பகுதி சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆகவே ஆளுக்கு ஒரு ஸ்பாஞ்ச், இல்லையென்றால் கழுவிய விரல்.

பிரஷைக் கழுவிப் பகிரலாம், ஆனால் முதல் நாள் மாலையே கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில், உள்ளங்கையில் கொஞ்சம் ஷாம்பு விட்டு, முடிப்பகுதி கீழ்நோக்கி இருக்கும்படி சுழற்றித் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசவும். நிமிர்த்தி டம்ளரில் வைத்தால் தண்ணீர் உலோகப் பட்டைக்குள் இறங்கிப் பசையைத் தளர்த்தும், முடி உதிரும், ஈரமும் உள்ளே தங்கும். மேஜை விளிம்பில் முடி வெளியே நீட்டியிருக்கும்படி படுக்கவைத்து, மின்விசிறிக்கடியில் இரவு முழுவதும் விடவும். நம் ஊர்ப் புழுக்கத்தில் தடித்த பவுடர் பிரஷ் காய எட்டு மணி நேரமாவது ஆகும். மறுநாள் ஓர் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் ஸ்பிரிட் தெளித்து, சுத்தத் துணியில் முன்னும் பின்னும் துடைத்து, வாசம் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

பவுடர், காம்பாக்ட், கன்னச் சிவப்பு ஆகியவை காய்ந்த பொருட்கள், அவற்றில் எதுவும் பெருகாது. உடன் வரும் பஞ்சை மட்டும் ஒதுக்கிவிட்டு அவரவர் பிரஷில் எடுக்கலாம். மேலே எண்ணெய் பட்டு வழவழவென்று கறுத்த திட்டு இருந்தால் முதலில் சுரண்டி எடுத்துவிடுங்கள். பருக்காரரின் பவுடரைத் தொட்டால் நமக்கும் பரு வரும் என்ற பயம் வீண், பரு தொற்றுவதில்லை. சீழ்க்கட்டியும், தேன் நிறப் பொருக்குத் தட்டும் புண்ணும் தொற்றும். அது இருப்பவரின் பஞ்சையும் துண்டையும் தனியே வைக்க வேண்டும். நெயில் பாலிஷ் கரைப்பான் நிறைந்தது, நகப்பூஞ்சை இல்லாத வரை பகிரலாம். சென்ட், தலை எண்ணெய், ஹேர் ஸ்பிரே எல்லாம் கவலையே இல்லை. முகத்து ரோமம் மழிக்கும் சின்ன ரேசர் மட்டும் அக்காவுடையதானாலும் வேண்டாம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் தாங்கும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும். தட்டை மருக்களும் அந்தக் கத்தி போன வழியே வரிசையாக முளைக்கும்.

ஆகவே அந்த ஐந்து பேருக்கான ஏற்பாடு இவ்வளவுதான். முந்தின மாலை பிரஷ் கழுவிக் காயவைத்தாயிற்று. ஐந்து காஜல், ஐந்து ஸ்பாஞ்ச், பஞ்சுக் குச்சி ஒரு டப்பா, ஸ்பிரிட் 100 மில்லி, மஸ்காரா பிரஷ் ஒரு கட்டு. வாண்டுக்கு மஸ்காரா வேண்டாம், மீதி நால்வருக்குப் பதினாறு பிரஷ். ஐந்து சின்னத் தட்டில் பேர் ஒட்டி, ஒருவரே கை கழுவிவிட்டு எல்லாத் தட்டிலும் ஃபவுண்டேஷன் இரண்டு பம்ப், கிரீம் பட்டாணி அளவு, லிப்ஸ்டிக் துவரம்பருப்பு அளவு என்று பரிமாறிவிட வேண்டும். பந்தியில் பரிமாறுகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் பலர் என்பதுபோல. பிறகு பெட்டியை மூடிவிடலாம். யாரும் யாரிடமும் கேட்கவோ மறுக்கவோ நேராது.

பெட்டிக்கு வெளியே ஒன்று இருக்கிறது, அது கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே கைமாறுகிறது. "எனக்கு டாக்டர் கொடுத்தார், பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆயிற்று, நீயும் போடு" என்று அண்ணி கொடுக்கும் டியூப். இதில் கிருமி ஒன்றுமில்லை, உள்ளே இருப்பது மருந்து. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எதையாவது படித்தால் அது ஸ்டீராய்டு. மங்குவுக்குத் தரும் கலவைக் கிரீமில் அதோடு ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருக்கும். முதல் இரண்டு வாரம் சிவப்பும் பருவும் அடங்கி முகம் மின்னும், நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. பிறகு தோல் மெலியும், கன்னத்தில் நுண் ரத்தக் குழாய்கள் தெரியும், பொடிப் பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும், எரிவதால் மறுபடி போடத் தோன்றும். படர்தாமரைக்குப் போட்டால் அரிப்பு மட்டும் அடங்கும். பூஞ்சை உருத் தெரியாமல் பரவும், மருத்துவருக்கே அடையாளம் காணக் கடினமாகும். கருத்தரிக்க வாய்ப்புள்ளவருக்கு ட்ரெட்டினாயின் கூடாது, புதுமணப் பெண்ணிடம் இதை யாரும் சொல்வதுமில்லை. அட்டையில் ஆர்எக்ஸ் குறி இருந்தால் அந்த டியூப் ஒருவருக்கு மட்டும் உரியது. மாதக்கணக்கில் போட்டாயிற்று என்றால் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் டியூபோடு போங்கள்.

கல்யாணம் முடிந்து ஏதாவது வந்தால், எத்தனை நாள் கழித்து வந்தது என்பதே பாதி பதில். போட்ட அன்றே எரிந்து சிவந்தால் பெரும்பாலும் பொருளின் காரம், கழுவினால் அடங்கும். இரண்டு மூன்று நாளில் அரிப்போடு தடித்தால் ஒவ்வாமை, இது பகிர்ந்ததால் வருவதல்ல, அவரவர் உடம்பு. இமை விளிம்பில் வலியோடு சின்னக் கட்டி எழும்பினால் கண்கட்டி. வெதுவெதுப்பான துணி ஒற்றடம் பத்து நிமிடம், தினம் நான்கு முறை, பிதுக்கக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரு கண் சிவந்து நீர் வடிந்து, பின் மறு கண்ணுக்கும் தாவினால் மெட்ராஸ் ஐ. அதற்குள் அந்தக் காஜலை வேறு யார் போட்டார்கள் என்று கேட்டு வையுங்கள். உதட்டில் கொத்துக் கொப்புளம் இரண்டு நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் தலைகாட்டும்.

காத்திருக்கவே கூடாதது ஒன்று உண்டு. கண்ணில் கடுமையான வலி, வெளிச்சம் பார்த்தால் கூசுதல், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் எது இருந்தாலும் அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். லென்ஸ் போடுகிறவர் அதைக் கழற்றிவிட்டுப் போகட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் வேகமாக மோசமாகும். கடைசியாகப் போட்ட மஸ்காராவையும் லென்ஸ் டப்பியையும் எறியாமல் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள், எந்தக் கிருமி என்று பரிசோதிக்க அவை தேவைப்படலாம்.